‘ஹார்வெஸ்ட்’ உத்திக்கு என்ன சொல்: அறுவடையா, மறுதாம்பா?

செல்வி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். மேலாண்மைப் பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருள் அறிமுகமாகி, வளர்ந்து, முதிர்ந்து, சரியும் நாலு கட்டங்களுக்கும் சொல் வைத்தாயிற்று. சரிவின்போது நிறுவனங்கள் எடுக்கும் ‘ஹார்வெஸ்ட்’ உத்தியில்தான் மாட்டிக்கொண்டேன். ‘அறுவடை உத்தி’ என்று எழுதினால் பொங்கல்தான் நினைவுக்கு வருகிறது, சரிவு தெரியவில்லை. வேறு சொல் உண்டா?

முத்து எழுதியது:
செல்வி அக்கா, இது ஸ்டாக் கிளியரன்ஸ் தானே? ‘இருப்புத் தீர்வு’ என்று போடுங்கள். என் மிக்ஸி கடையில் ஒரு மாடலுக்கு இப்படித்தான் நடந்தது. முதலில் டீலர் ஸ்கீமை நிறுத்தினார்கள். அப்புறம் கடை வாசல் போர்டு மாற்ற ஆள் வரவில்லை. கடைசியில் ஜார் வாஷர் கேட்டால் ‘வரும் வரும்’ என்றார்கள். ஆனால் விலையில் மட்டும் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இராகவன் எழுதியது:
முத்து, நீங்கள் வைத்த பெயர்தான் தவறு, சொன்ன கதை கச்சிதம். ஸ்டாக் கிளியரன்ஸில் விலையை வெட்டிச் சரக்கைத் தள்ளிவிடுவார்கள். இங்கே விலை அப்படியே நிற்கும், செலவைத்தான் வெட்டுவார்கள். தேடி வந்து வாங்குகிற கொஞ்சப் பேரிடம் வருகிற வரை காசு பார்ப்பது.

பாட்டுக் கேட்கும் கருவியான ஆப்பிளின் ஐபாடைப் பாருங்கள். 2001 அக்டோபரில் வந்தபோது 399 டாலர், மேக் கணினியோடு மட்டும்தான் வேலை செய்யும். அடுத்த ஆண்டே விண்டோஸுக்கும் வந்தது, 2003இல் பாட்டு விற்கும் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தார்கள். இது வளர்ச்சிக் கட்டம், ஆளைச் சேர்க்கும் வேலை. 2005இல் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ‘மினி’யைத் தாங்களே நிறுத்திவிட்டு ‘நானோ’வை இறக்கினார்கள். அடுத்தவன் வந்து தின்பதற்குள் நாமே தின்றுவிடலாம் என்கிற கணக்கு. 2008 நிதியாண்டில் சுமார் 5.5 கோடி ஐபாட் விற்றது. அதுதான் உச்சம். ஐபோன் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது.

இனிதான் செல்வி கேட்ட இடம். 160 ஜிபி ‘கிளாசிக்’ ஐபாட் 2009 செப்டம்பரில் 249 டாலருக்கு வந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் அதில் புதிதாக ஒன்றுமே செய்யவில்லை, விலையையும் இறக்கவில்லை. பாட்டு முழுவதையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

சுந்தரம் எழுதியது:
இதற்கு எளிய சொல் இருக்கிறதே: ‘கறவை உத்தி’. மாட்டைக் கறப்பது போலக் காசு கறப்பதுதானே?

இராகவன் எழுதியது:
பாதி சரி ஐயா, இதற்கு ஆங்கிலத்திலும் ‘மில்க்கிங்’ என்பார்கள். சிக்கல் என்னவென்றால், ‘கேஷ் கௌ’ என்று இன்னொன்று இருக்கிறது. அது முதிர்ச்சிக் கட்டத்துப் பொருள். அந்தப் பசுவுக்குத் தீவனம் போட்டுத்தான் ஆகவேண்டும், சந்தைப் பங்கு குறையாமல் காக்கவேண்டும். நமக்கு வேண்டியது தீவனத்தை நிறுத்திய பிறகு வரும் பால். இரண்டுக்கும் கறவை என்றால் மாணவர்கள் தேர்வில் நிச்சயம் குழப்புவார்கள்.

அன்பரசி எழுதியது:
எங்கள் வீடு விழுப்புரம் பக்கம், கரும்பு வீடு. முதல் வெட்டு முடிந்ததும் கட்டையை விட்டுவைத்து, திரும்பத் தழைப்பதை வெட்டுவோம். அதற்கு ‘மறுதாம்பு’ என்று பெயர். புதுக் கரணை வாங்கும் செலவு இல்லை, நடவுக் கூலி இல்லை. ஆனால் ஒவ்வொரு தாம்புக்கும் மகசூல் இறங்கும். கட்டாது என்று தெரிந்தால் கட்டையைப் பெயர்த்துவிட்டு வேறு பயிருக்குப் போவோம். ‘மறுதாம்பு உத்தி’ பொருந்துமா?

சுந்தரம் எழுதியது:
சொல் அருமை. ஆனால் மறுதாம்பை அப்படியே விட்டால் ஒன்றும் வராதே அம்மா. கட்டை சீவவேண்டும், பயிர் போன இடத்தில் நட்டு நிரப்பவேண்டும், உரமும் வைக்கவேண்டும். செலவே இல்லாத உத்திக்கு இது எப்படிப் பொருந்தும்?

இராகவன் எழுதியது:
செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை ஐயா, குறைந்தபட்சச் செலவு உண்டு. உதிரிபாகம் வந்துகொண்டிருக்க வேண்டும். 2014இல் கிளாசிக்கை நிறுத்தியதற்கு, அன்று ஆப்பிளை நடத்திய டிம் குக் சொன்ன காரணமே பாகங்கள் கிடைக்கவில்லை என்பதுதான். வாங்குகிறவர்கள் குறைவு, அதற்காக மறுபடி வடிவமைப்பது கட்டாது என்று கணக்குப் போட்டார்கள். முத்துவின் மிக்ஸியில் வாஷர் வராமல் போனதே, அந்த இடத்தில் மறுதாம்பு முடிந்து பெயர்ப்பு தொடங்கிவிட்டது. என் ஓட்டு அன்பரசிக்கு.

முத்து எழுதியது:
அப்போ அந்த மாடல் இனி வராதா? கடையில் இன்னும் மூணு நிற்கிறது.

செல்வி எழுதியது:
மறுதாம்பு எனக்குப் பிடித்துவிட்டது. சென்னை மாணவர்களுக்குப் புரியுமா என்றுதான் யோசனை. முதல் பதிப்பில் ‘மறுதாம்பு உத்தி’ என்று போட்டு, அன்பரசியின் கரும்புக் கதையை அப்படியே பத்தியாகச் சேர்க்கிறேன், அனுமதி உண்டா? இன்னொன்று, நாலு கட்டத்துக்கும் சேர்த்து ‘வாழ்க்கைச் சுழற்சி’ என்கிறோமே, போன பொருள் எங்கே சுழன்று வருகிறது? அதைத் தனி இழையில் கேட்கிறேன்.