குக்கர் சோற்றின் அடியில் தங்கும் பசைக்கு என்ன பெயர்?

கோபியிலிருந்து:
வணக்கமுங்க. ரைஸ் குக்கருக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். சோறு வெந்தபின் சட்டியின் அடியில் வெள்ளையாக, தோசைக் கனத்துக்கு ஒரு பசை ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். ‘அடிப்பிடிப்பு’ என்றால் தீய்ந்ததாக நினைக்கிறார்கள். ‘அடிக்களி’ சரியாக வருமா?

பொள்ளாச்சியிலிருந்து:
எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதானுங்க அக்கா. ஒரு வாரமாக அடிச்சோறு பழுப்பேறி மொறுமொறு என்று வருகிறது. சுவிட்சும் தாமதமாகத்தான் விழுகிறது.

பெருந்துறையிலிருந்து:
தம்பி, உங்களுடையது காந்தல். சட்டியின் வெளி அடியையும், உள்ளே இருக்கும் சூட்டுத் தட்டையும் துடைத்துப் பாருங்கள். ஒரு பருக்கை சிக்கியிருந்தாலே சட்டி சரியாக உட்காராது. நடுவில் இருக்கும் வெப்ப உணரிக்குச் சூடு நேரத்துக்கு எட்டாது.

அம்மிணி கேட்பது வேறு. பானையில் வடிக்கும்போது கரைந்த மாவெல்லாம் கஞ்சியோடு வெளியே போய்விடும். குக்கரில் வடிப்பதில்லை. சரியாகக் களையாத அரிசியின் மாவும் நொய்யும் அடியில் தங்கிக் கூழாகிவிடும். வடியாமல் நின்ற கஞ்சி அது. அதனால் ‘கஞ்சியடை’ என்று வைக்கலாம். தேனடை என்கிறோமே, அதுபோல.

திருப்பூரிலிருந்து:
தண்ணீர் கூடினதுதான் காரணமுங்க. ஒரு டம்ளர் குறைத்தால் போதும். ‘மிகைநீர்ப் படலம்’ என்பதே பொருத்தம்.

கோபியிலிருந்து:
குறைத்துப் பார்த்துவிட்டேனுங்க. இரண்டு டம்ளர் பொன்னி புழுங்கலுக்கு ஆறு டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தேன், நாலாக்கினேன். மேலே அரிசி நறுக்கென்று நின்றது, அடியில் பசை அப்படியே இருந்தது. நேற்று மூன்று தண்ணீர் களைந்தேன். முதல் கழுநீர் பால்போல இருந்தது, மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். மூன்றாவதில் அரிசி தெரிந்தது. அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை இறுத்துவிட்டு ஐந்து டம்ளர் வைத்தேன். பசை பாதியாகக் குறைந்தது.

பெருந்துறையிலிருந்து:
மீதிப் பாதி, சோறு வெந்த பிறகு வருவது. சுவிட்ச் விழுந்ததும் மூடியைத் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அடியில் நிற்கும் ஈரத்தைச் சோறு இழுத்துக்கொள்ளும். அப்புறம் மரக்கரண்டியை ஓரமாக இறக்கி, அடிச்சோற்றை மேலே புரட்டிவிடுங்கள். அப்படியே மணிக்கணக்கில் வார்மில் கிடந்தால் அடி இறுகும். திருப்பூர்த் தம்பி சொன்னதும் ஒருபக்கம் சரிதான்: புது அரிசிக்கு ஐந்து டம்ளரே அதிகம், குழைந்துவிடும்.

திருப்பூரிலிருந்து:
சரிங்க, களைவதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ‘அடை’ என்றதும் கல்லில் ஊற்றும் அடைதானே நினைவுக்கு வரும்?

கோபியிலிருந்து:
எனக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. ஆனால் ராகிக்களி தின்று வளர்ந்த நமக்குக் ‘களி’யை ஒரு குறைக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை. இப்போதைக்குக் ‘கஞ்சியடை’ என்றே எழுதி வைக்கிறேன். ‘அடிக்கஞ்சி’ எப்படி இருக்கும் என்று யாராவது சொல்லுங்க.