அதே மீட்டிங் பட்டியல், ஆனால் விடை ஒருமுறை 3, ஒருமுறை 4

புதுவரவு:
எத்தனை மீட்டிங் ரூம் வேண்டும் என்று கணக்கிடும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஐந்து மீட்டிங்: 9.00–10.30, 9.30–11.00, 10.00–11.00, 10.30–12.00, 11.00–12.00. இந்த வரிசையில் கொடுத்தால் 3 என்கிறது. 10.30–12.00 மீட்டிங்கை மட்டும் பட்டியலின் தலைக்குக் கொண்டுபோனால் 4 என்கிறது. அதே ஐந்து மீட்டிங்தானே, எப்படி மாறும்? நேரங்களை 900, 1030 என்று முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

```python
for s, e in meetings:
    events.append((s, 1))
    events.append((e, -1))
events.sort(key=lambda x: x[0])
```

அப்புறம் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், அதிகபட்சத்தை எடுக்கிறேன்.

நடுப்பகல்:
முடியும் நேரப்படி அடுக்குங்கள். எது முதலில் முடிகிறதோ அதை எடுத்துக்கொண்டு, அதோடு மோதுவதை விட்டுவிடுங்கள். இது பழைய கணக்கு, விடை மாறவே மாறாது.

கல்தச்சன்:
நடுப்பகல், நீங்கள் சொல்வது வேறு கேள்விக்கு விடை. ஒரே ரூம் இருக்கிறது, அதில் அதிகபட்சம் எத்தனை மீட்டிங்கைத் திணிக்கலாம் என்று கேட்டால் அது சரி. இங்கே எதையும் விட முடியாது, ஐந்தும் நடந்தாக வேண்டும்.

புதுவரவு, கோளாறு உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. நேரத்தை மட்டும் பார்த்து அடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். 1030 என்ற நேரத்தில் இரண்டு ஈவெண்ட்: ஒரு மீட்டிங் முடிகிறது, இன்னொன்று தொடங்குகிறது. எது முன்னால் வர வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. பைத்தானின் சார்ட், சமமானவற்றை வந்த வரிசையிலேயே விட்டுவிடும். அதனால் பட்டியலில் எந்த மீட்டிங் முன்னால் இருந்ததோ அதுதான் முடிவு செய்கிறது. கையால் ஓட்டிப் பாருங்கள். 900இல் 1, 930இல் 2, 1000இல் 3. இப்போது 1030. முடிவதை முதலில் எடுத்தால் 2 ஆகி, தொடக்கம் வந்து மறுபடி 3. தொடக்கத்தை முதலில் எடுத்தால் 4 ஆகி, பிறகுதான் 3க்கு இறங்கும். அந்த ஒரு கணத்து 4தான் அதிகபட்சமாகப் பதிந்துவிடுகிறது.

`key` பகுதியை எடுத்துவிட்டு வெறும் `events.sort()` என்று எழுதுங்கள். டூப்பிளின் இரண்டாவது உறுப்பையும் ஒப்பிடும். -1, 1ஐ விடச் சின்னது என்பதால் முடிவது முன்னால் வரும். எந்த வரிசையில் கொடுத்தாலும் 3தான்.

ஒன்பதுமணி:
ஒரு நிமிடம். 4தான் சரி என்று நான் நினைக்கிறேன். 10.30க்கு முடியும் மீட்டிங், 10.30 மணி என்ற கணத்தில் அந்த ரூமில்தானே இருக்கிறது? உள்ளே ஆள் இருக்கும்போதே அடுத்தவர் வாசலில் நிற்பார். முடிவதை முதலில் எடுப்பது காகிதத்தில் மட்டும்தான் சரி. நடைமுறையில் தொடக்கத்தை முதலில் எடுத்தால் கொஞ்சம் இடைவெளியும் கிடைத்த மாதிரி இருக்கும்.

கல்தச்சன்:
பாதி ஒத்துக்கொள்கிறேன். முடியும் கணமும் மீட்டிங்கைச் சேர்ந்ததா இல்லையா என்பது கணக்குக்கு வெளியே எடுக்க வேண்டிய முடிவு. சேர்ந்தது என்றால் தொடக்கம் முதலில், விடை 4. சேர்ந்தது இல்லை என்றால் முடிவு முதலில், விடை 3. இரண்டுமே நியாயமான வரையறைகள்தான். பட்டியலைக் கலைத்தால் விடை மாறுவதுதான் நியாயமே இல்லாதது.

ஆனால் இடைவெளி கிடைக்கும் என்று சொன்னீர்களே, அது கிடைக்காது. ஒன்று 10.30க்கு முடிகிறது, அடுத்தது 10.31க்குத் தொடங்குகிறது என்று வையுங்கள். நேரம் சமமில்லை, ஆகவே உங்கள் முறையிலும் ஒரே ரூம் போதும் என்றுதான் வரும். சரியாக ஒட்டி நிற்கும் மீட்டிங்குக்கு இன்னொரு ரூம், ஒரு நிமிடம் தள்ளி நிற்பதற்கு அதே ரூம். இதை இடைவெளி என்று எப்படிச் சொல்வது?

ஒன்பதுமணி:
அது சரிதான், அந்த 10.31ஐ நான் யோசிக்கவில்லை. அப்போது இடைவெளி வேண்டுமானால்?

கல்தச்சன்:
முடியும் நேரத்தோடு கூட்டிவிடுங்கள். பத்து நிமிடம் வேண்டுமா, ஒவ்வொரு முடிவையும் பத்து நிமிடம் தள்ளி வைத்து, பழையபடி முடிவை முதலில் எடுங்கள். மேலே உள்ள ஐந்துக்கு அப்படிச் செய்தாலும் 4 வரும். ஆனால் அது உங்கள் 4 இல்லை, தற்செயலாக ஒத்துப்போகிற எண்.

திண்ணைக்காரி:
அந்தக் கூட்டலில்தான் நான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன், அதனால் சொல்கிறேன். நாங்களும் புதுவரவு மாதிரி 1030, 1055 என்றுதான் நேரத்தை வைத்திருந்தோம். ரூமைத் துடைக்கப் பத்து நிமிடம் வேண்டும் என்றார்கள், `e + 10` என்று போட்டேன். 1055 என்பது 1065 ஆனது. அது 1100ஐ விடச் சின்ன எண். அதாவது 11.05 வரை ரூம் காலியில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், 11.00க்கு முன்பே காலி என்று நிரல் சொல்லியது. பெரும்பாலான மீட்டிங் முழு மணியிலோ அரை மணியிலோ முடியும் என்பதால் 1030, 1040 ஆகி ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது. 10.55க்கு முடியும் ஒன்று வந்த அன்றுதான் இரண்டு கூட்டம் ஒரே வாசலில் நின்றது.

நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்றிக்கொண்டால் தொல்லை இல்லை. 10.55 என்பது 655, பத்தைக் கூட்டினால் 665. 11.00 என்பது 660. இப்போது ஒழுங்காக மோதுகிறது.

புதுவரவு:
ஐயோ, நானும் அடுத்து அதைத்தான் போட இருந்தேன்.

வரிக்குதிரை:
இவ்வளவு தலைவலி எதற்கு? ஹீப் போடுங்கள். தொடங்கும் நேரப்படி மீட்டிங்கை அடுக்கி, முடியும் நேரங்களை ஹீப்பில் வைத்தால், ஈவெண்டும் இல்லை, நேரம் சமமாகும் பிரச்சினையும் இல்லை. இன்னொன்று, சிலர் தொடக்கங்களைத் தனியாகவும் முடிவுகளைத் தனியாகவும் அடுக்கி இரண்டு சுட்டிகளை நகர்த்துவார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பயம். எந்த முடிவு எந்த மீட்டிங்குடையது என்பதே தொலைந்துபோகிறதே!

கல்தச்சன்:
ஹீப்பில் ஒரு ரூம் காலியாகிவிட்டதா என்று பார்க்க என்ன எழுதுவீர்கள்? `heap[0] <= s` என்றா, `heap[0] < s` என்றா? முதலாவது எழுதினால் 3, இரண்டாவது எழுதினால் 4. பிரச்சினை எங்கும் போகவில்லை, ஒரு சமக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஜோடி தொலைவதைப் பற்றி. தொலைகிறது, உண்மை. ஆனால் எண்ணிக்கைக்கு அது தேவையில்லை. 11.00 மணிக்கு எத்தனை மீட்டிங் நடக்கிறது என்றால், அதுவரை தொடங்கியவை எத்தனை, முடிந்தவை எத்தனை, கழித்துவிடலாம். முடிந்தது 9.30 கூட்டமா 10.00 கூட்டமா என்று தெரிந்தால் அந்தக் கழித்தல் மாறப்போகிறதா? வாசலில் நின்று உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் எண்ணுபவருக்கு முகம் தெரிய வேண்டியதில்லை.

```python
while i < n:
    if starts[i] < ends[j]:
        rooms += 1
        best = max(best, rooms)
        i += 1
    else:
        rooms -= 1
        j += 1
```

இதிலும் அந்த ஒற்றை `<` குறிதான் விதி. சமமென்றால் `else`க்குப் போகும், அதாவது முடிவு முதலில். `<=` என்று மாற்றினால் ஒன்பதுமணியின் வரையறை.

யார் எந்த ரூமுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போட வேண்டுமானால் இது போதாது. அப்போது வரிக்குதிரை சொல்லும் ஹீப்தான் வசதி.

வரிக்குதிரை:
சமக்குறி விஷயத்தில் சரணடைகிறேன். ஆனாலும் ரூம் எண் கேட்காத முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. இன்று எண்ணிக்கை கேட்பார், நாளை பெயர்ப்பலகை கேட்பார்.

திண்ணைக்காரி:
`events.sort()` போதும் என்று கல்தச்சன் சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் 1, -1க்குப் பதில் படிக்க அழகாக இருக்கட்டும் என்று `'start'`, `'end'` என்று வைத்திருந்தார். அகரவரிசையில் `'end'` முன்னால், அதனால் விடை 3. இன்னொருவர் அந்த இரண்டையும் `'arrive'`, `'depart'` என்று மாற்றினார். இப்போது `'arrive'` முன்னால், விடை 4. மாறியது பெயர் மட்டும்தான்! அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் நான்தான், அது வேறு கதை.

கல்தச்சன்:
இதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். -1 சின்னது என்பதை நம்பி இருப்பதும் ஒரு வகையில் குருட்டு அதிர்ஷ்டம்தான், தெரிந்தே நம்புகிறோம் என்பது மட்டும் வித்தியாசம். பக்கத்தில் ஒரு வரி குறிப்பு எழுதி, 9–10, 10–11 என்ற இரண்டே மீட்டிங்கை இரண்டு வரிசையிலும் கொடுத்துப் பார்க்கும் ஒரு சோதனையும் வையுங்கள். இரண்டு தடவையும் 1 வர வேண்டும். சி++இல் `std::sort` சமமானவற்றின் வரிசையைக் காப்பாற்றும் என்ற உறுதியே கிடையாது. அங்கே நேரத்தை மட்டும் ஒப்பிட்டால், உள்ளீட்டைப் பார்த்துக்கூட எது முன்னால் வரும் என்று ஊகிக்க முடியாது.

புதுவரவு:
`key`ஐ எடுத்துவிட்டேன். ஐந்து மீட்டிங்கையும் எல்லா வரிசையிலும் மாற்றி, 120 தடவை ஓட்டினேன். 120இலும் 3. நிமிடத்துக்கும் மாற்றிவிட்டேன். ஆனால் நிஜத் தரவைக் கொடுத்தபோது ஒரு இடத்தில் எண்ணிக்கை -1க்குப் போனது. முன்பு இப்படி ஆகவில்லை.

கல்தச்சன்:
தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் ஒன்றாக உள்ள மீட்டிங் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 5க்குத் தொடங்கி 5க்கே முடிகிற ஒன்று. முடிவை முதலில் எடுக்கும் விதியில் அது தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். உங்கள் பழைய நிரலில் தொடக்கத்தை முதலில் சேர்த்ததால் அது வெளியே தெரியவில்லை. இரண்டு சுட்டி முறையில் அது ஒன்றுதான் மொத்தப் பட்டியல் என்றால் `ends[1]`ஐத் தேடிப்போய் `IndexError` வரும்.

புதுவரவு:
இருக்கிறது, மூன்று. யாரோ நினைவூட்டலாகப் போட்டு வைத்தவை போலிருக்கிறது.

ஒன்பதுமணி:
அவற்றை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். முடிவு தொடக்கத்தை விடப் பெரிதாக இல்லாவிட்டால் பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

திண்ணைக்காரி:
திருப்பி அனுப்பினால் போட்டவர் வந்து கேட்பார். எங்களிடம் இப்படி வந்தவற்றில் பாதி, முடியும் நேரத்தை நிரப்ப மறந்த நிஜ மீட்டிங்குகள். அதைப் பூஜ்ஜியம் என்று எண்ணாமல் விட்டால் ரூம் குறையும். நாங்கள் அரை மணி என்று வைத்துக்கொள்கிறோம்.

கல்தச்சன்:
அரை மணி என்று யார் சொன்னது? தரவில் இல்லாததை நிரல் ஊகிக்கக் கூடாது. நான் அவற்றைத் தனிப் பட்டியலாக வெளியே காட்டுவேன், எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன்.

திண்ணைக்காரி:
காட்டுங்கள். அந்தப் பட்டியலை யார் திறந்து பார்ப்பார்கள்?