சன்ஸ்கிரீன் உருண்டு உருண்டு வருகிறது, வரிசையில் தப்பா?

எல்லாருக்கும் வணக்கம். காலையில் முகம் கழுவி, வைட்டமின் சி சீரம், மாய்ஸ்சரைசர், கடைசியாக சன்ஸ்கிரீன் போடுகிறேன். இரவில் முகத்தைக் கழுவிவிட்டு ரெட்டினால் சீரம், அதன்மேல் மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். இரவில் ஒரு தொந்தரவும் இல்லை.

காலையில்தான் சிக்கல். சன்ஸ்கிரீனைத் தேய்த்ததும் தாடையோரம் ரப்பரால் அழித்த துகள் மாதிரி வெள்ளையாக உருண்டு வருகிறது. அந்த இடத்தில் பாதுகாப்பு போய்விடுமே என்று கவலை. மாய்ஸ்சரைசரைப் பாதியாகக் குறைத்து, 5 நிமிடம் காயவிட்டு, தேய்க்காமல் ஒற்றிப் பார்த்தேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. சன்ஸ்கிரீன் அளவைக் குறைக்க மனமில்லை. 2 விரல் நீளமாவது வேண்டுமே.

எனக்கு எண்ணெய்ப் பசைச் சருமம். காலையில் மட்டும் மாய்ஸ்சரைசரை விட்டுவிடலாமா? இல்லை, சீரம்தான் ஒத்துப்போகவில்லையா? இதே தொந்தரவு இருந்தவர்கள் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.