தப்பான குரூப்புக்குப் போன மெசேஜ், என் போனில் மட்டும் அழிஞ்சிடுச்சு. ஸ்பானிஷ்ல ரெண்டு வரி மன்னிப்பும் வேணும்

மாங்கூழ் ஆபீஸ் (கிருஷ்ணகிரி), காலை 9:52

வணக்கம்ங்க. மாங்கூழ் ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை. வாட்ஸ்அப்ல எங்களுக்கு ரெண்டு குரூப். ஒண்ணு ஆபீஸ் ஆளுங்களுக்கு. இன்னொண்ணுல எங்க முதலாளி, நான், ஸ்பெயின் பையர் கம்பெனி ஆளுங்க மூணு பேர், சென்னையில கன்டெய்னர் புக் பண்ற ஃபார்வர்டர்.

9:40க்கு ஆபீஸ் குரூப்னு நினைச்சு, "ஸ்பெயின் பார்ட்டி கேட்டா மட்டும் டன்னுக்கு 20 USD வரைக்கும் இறங்கலாம்னு சார் சொல்றார்"னு பையர் குரூப்புல போட்டுட்டேன். தமிழ்தான், ஆனா 20 USD யாருக்கும் புரியும். கை நடுங்கி `Delete for me` அமுக்கிட்டேன். இப்ப என் போன்ல மெசேஜே இல்ல, அங்க எல்லார்கிட்டயும் இருக்கு. 80 ட்ரம் லோடு, விலை இன்னும் முடிவாகலை. எப்படித் திரும்ப எடுக்கிறது? அவங்களுக்கு ஸ்பானிஷ்ல என்ன எழுதுறது?

காவேரிப்பட்டணத்தான், 9:57

பதறாதீங்க. ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி பேக்கப்ல இருந்து ரீஸ்டோர் பண்ணுங்க, மெசேஜ் திரும்ப வந்துடும். அப்புறம் எல்லாருக்கும் டெலீட் குடுங்க. இல்லன்னா எடிட் பண்ணி வேற ஏதாவது எழுதிடுங்க.

பர்கூர் மொபைல் கடை, 10:01

அக்கா, ரீஸ்டோர் பண்ணாதீங்க. உங்க பேக்கப் ராத்திரி 2 மணிக்கு ஓடியிருக்கும், மெசேஜ் போனது காலையில. ராத்திரி எடுத்த பேக்கப்ல காலை மெசேஜ் எப்படி இருக்கும்? இப்ப புதுசா பேக்கப் எடுத்தாலும் அழிஞ்சது அதுல வராது. நேரம்தான் வீணாகும். எடிட்டுக்கு அனுப்பினதுல இருந்து 15 நிமிஷம்தான் கெடு. கெடு இருந்தாலும், எடிட் பண்ண மெசேஜ் கண்ணுக்குத் தெரியணுமே.

`Delete for me` அமுக்கினதும் கீழ `Undo`ன்னு ஒரு பட்டை வரும், அஞ்சு செகண்டுல போயிடும். அதை விட்டுட்டா அந்த போன்ல வேற வழி இல்ல. கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் திறந்து வச்சிருக்கீங்களா? அதுல மெசேஜ் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

மாங்கூழ் ஆபீஸ், 10:04

பார்த்தேன் தம்பி. கம்ப்யூட்டர்லயும் போயிடுச்சு.

பர்கூர் மொபைல் கடை, 10:08

அப்ப ஒரே வழி, அந்த குரூப்போட அட்மின். யார் போட்ட மெசேஜையும் அட்மின் எல்லாருக்கும் அழிக்கலாம். உங்க முதலாளிதான் அட்மினா?

அவருக்கு போன் பண்ணி இந்த வரிசையில சொல்லுங்க. மெசேஜ் மேல விரலை வச்சு அழுத்தணும், மேல வர்ற குப்பைத்தொட்டி படத்தைத் தொடணும், வர்றதுல `Delete for everyone` மட்டும் அமுக்கணும். அவரும் பதற்றத்துல `Delete for me` அமுக்கிட்டா அவர் கையிலயும் இருக்காது. வேற அட்மின் யாரும் இல்லன்னா அதோட கதை முடிஞ்சது.

அழிக்கிறதுக்கு முன்னாடி அவரை ஒண்ணு பார்க்கச் சொல்லுங்க. உங்க மெசேஜைக் கோட் பண்ணி யாராவது ரிப்ளை போட்டிருக்காங்களா? போட்டிருந்தா, மூல மெசேஜ் அழிஞ்சாலும் ரிப்ளைக்குள்ள அந்த வாசகம் அப்படியே நிக்கும். அந்த ரிப்ளையையும் அட்மின்தான் அழிக்கணும்.

சூளகிரி விவசாயி, 10:12

நானும் போன வாரம் எங்க கொத்தமல்லி வியாபாரி குரூப்புல வீட்டுக் கடன் விஷயத்தைப் போட்டுட்டேன். இன்னைக்குத்தான் பார்த்தேன். `Delete for everyone` வரவே மாட்டேங்குது. எனக்கும் சொல்லுங்களேன்.

பர்கூர் மொபைல் கடை, 10:15

அண்ணே, போட்டவங்களே அழிக்க ரெண்டு நாள் சொச்சம்தான், ஏறக்குறைய 60 மணி நேரம். உங்களுது ஒரு வாரம் ஆயிடுச்சு. குரூப்புல தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி அவங்கவங்க போன்ல அழிக்கச் சொல்றதுதான் இனி.

ஓசூர் ரோஜா, 10:18

அக்கா, மணி பார்த்தீங்களா? இப்ப கோடைக்காலம், ஸ்பெயின் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி. நீங்க அனுப்பினப்ப அங்க காலை 6:10. பூ அனுப்புற பழக்கத்துல சொல்றேன், அந்த நேரத்துல அங்க யாரும் குரூப் பார்க்க மாட்டாங்க. ஏழரைக்குள்ள, அதாவது நமக்குப் பதினொண்ணுக்குள்ள அழிஞ்சா பெரும்பாலும் தப்பிச்சிடலாம்.

மன்னிப்புக்கு இப்படிப் போடுங்க, ட்ரான்ஸ்லேட்டர் உதவியோட எழுதினேன்:

```
Estoy muy embarazada por el mensaje. Lo siento mucho.
```

பாலக்கோடு டீச்சர், 10:24

அந்த வரியை அனுப்பிடாதீங்கம்மா. `embarazada` பார்க்க இங்கிலீஷ்ல எம்பாரஸ் மாதிரி இருக்கும், ஆனா ஸ்பானிஷ்ல அதுக்கு "கர்ப்பமா இருக்கேன்"னு அர்த்தம். நான் வலென்சியாவுல நாலு வருஷம் இருந்தேன். புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் இது.

`Lo siento mucho` தப்பில்ல, ஆனா கனம். ஒருத்தர் மனசைக் காயப்படுத்தினா, துக்கம் விசாரிச்சா சொல்ற அளவுக்குப் போகும். வியாபார குரூப்புல அதைப் போட்டா என்ன பெரிய விஷயம்னு தேடுவாங்க. இதுக்கு `Perdón` போதும்:

```
Buenos días. El mensaje borrado era para otro grupo.
Perdón por la confusión.
```

"காலை வணக்கம். அழிச்ச மெசேஜ் வேற குரூப்புக்கானது. குழப்பத்துக்கு மன்னிக்கணும்." அவ்வளவுதான். ஸ்பானிஷ்ல நீ, நீங்கன்னு பார்த்து வினைச்சொல்லை மாத்தணும். நண்பர்கள்கிட்ட `disculpad`, மரியாதையா `disculpen`. உங்க பையரோட எந்த அளவு பழக்கம்னு எனக்குத் தெரியாது. `Perdón por`னு ஆரம்பிச்சா யாரையும் விளிக்க வேண்டியதில்ல, அந்தச் சிக்கலே வராது. í, ó எழுத்துக்கு i, o மேல விரலை அழுத்திப் பிடிச்சா வரும். விலை, உள் விஷயம், முதலாளி, எதையும் எழுதாதீங்க.

காவேரிப்பட்டணத்தான், 10:29

அழிச்சிட்டு சும்மா இருந்தா என்ன? மன்னிப்புக் கேட்டாத்தானே என்னன்னு யோசிப்பாங்க?

பாலக்கோடு டீச்சர், 10:33

அட்மின் அழிச்சா, அட்மின் அழிச்சார்னே அங்க ஒரு வரி நிக்கும் தம்பி. பேச்சே இல்லாம அது மட்டும் நின்னாத்தான் யோசிப்பாங்க. ஆனா இதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. முடிவு அவங்க முதலாளியோடது.

மாங்கூழ் ஆபீஸ், 10:51

சார் சந்தூர் மண்டியில இருந்தார். மூணு தடவை அடிச்சப்புறம் எடுத்தார். திட்டலை, "முதல்ல எதை அமுக்கணும் சொல்லு"ன்னார். ஸ்பீக்கர்ல போட்டு ஒவ்வொண்ணா சொன்னேன். 10:43க்கு அழிஞ்சது. கோட் பண்ணி யாரும் ரிப்ளை போடலை. டீச்சர் சொன்ன ரெண்டு வரியை அவர்கிட்ட படிச்சுக் காட்டிட்டு 10:48க்கு அனுப்பிட்டேன்.

யார் யார் படிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா தம்பி?

பர்கூர் மொபைல் கடை, 10:58

இனி இல்லக்கா. மெசேஜ் இருந்தப்பவே அதை அழுத்தி `Info` பார்த்திருந்தா படிச்சவங்க பேர் வந்திருக்கும். ப்ளூ டிக்கை ஆஃப் பண்ணி வச்சவங்க பேர்கூட குரூப்புல மறையாது. ஆனா அது அனுப்பினவங்க போன்ல மட்டும்தான் தெரியும், அதனால சாராலயும் பார்த்திருக்க முடியாது. அடுத்த தடவை முதல்ல `Info`வை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் அழிங்க.

இன்னொண்ணும் மறைக்காம சொல்லிடறேன். ஆண்ட்ராய்டுல நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை ஆன் பண்ணி வச்சிருந்தா, அழிச்ச மெசேஜும் ஒரு நாள் வரைக்கும் அதுல இருக்கும். அதுக்கு நம்மால ஒண்ணும் செய்ய முடியாது.

மாங்கூழ் ஆபீஸ், மாலை 4:20

பையர்கிட்ட இருந்து மதியம் `Sin problema`ன்னு வந்துச்சு. டீச்சர், பரவாயில்லன்னுதானே அர்த்தம்? கூடவே லோடிங் தேதி கேட்டார். விலையைப் பத்திப் பேச்சே எடுக்கலை. சென்னை ஃபார்வர்டர் 9:40க்கு ஆன்லைன்ல இருந்தாரான்னுதான் மனசு அடிச்சுக்குது. சார் அவருக்கு நேரா போன் பண்ணிப் பேசறேன்னு சொல்லியிருக்கார். ரெண்டு குரூப்புக்கும் வேற வேற போட்டோ வைக்கச் சொல்லிக் கேட்டேன், பையர் குரூப்புக்கு இப்ப சிவப்பு ட்ரம் படம் வச்சாச்சு.

பாலக்கோடு டீச்சர், 4:41

ஆமாம்மா, பரவாயில்லன்னுதான். அதுக்குப் பதில் எழுத வேண்டாம், லோடிங் தேதியை மட்டும் சொல்லுங்க.