ஹேண்டோவர் நோட்டுல "பென்டிங்"னு ஒரு வார்த்தை, பின்னால ஒளிஞ்சிருந்த 28 நாள்

செராஸ்_சைட்டு:
மார்ச் 25ந் தேதி ஒரு காண்டோ சைட்டுல ப்ரோஜெக்ட் எஞ்சினியரா ஏறுனேன். பழையவர் மூணு நாளைக்கு முன்னாடியே போயிட்டாரு, நாலு பக்க நோட்டு மட்டும் டேபிள்ல இருந்துச்சு. குறை சொல்ல முடியாது, டிராயிங் நம்பர், சப்கான் ஃபோர்மேன் நம்பர் வரைக்கும் எழுதி வெச்சிருந்தாரு. அதுல ஒரு வரி: "லெவல் 3 பீம் ஓப்பனிங் மாத்தம், இ.ஓ.டி. பென்டிங்." நான் என்ன நெனச்சேன், வேலை முடிக்க கூடுதல் நாள் கேக்குற அந்த இ.ஓ.டி. கிளைம் அனுப்பியாச்சு, ஆர்க்கிடெக்ட் கிட்டதான் பென்டிங்னு.

30ந் தேதி எங்க கியூ.எஸ். அக்கா, "தம்பி, அந்த நோட்டீஸ் காப்பி எங்க?"ன்னு கேட்டப்பதான் ஃபைல தொறந்தேன், ஒண்ணுமே இல்ல. ஆர்க்கிடெக்ட் இன்ஸ்ட்ரக்ஷன் தேதி மார்ச் 4. எங்களுது பி.ஏ.எம். காண்ட்ராக்ட், 28 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், கூடவே எத்தனை நாள் வேணும்னு ஒரு முதல் கணக்கும். அதாவது ஏப்ரல் 1. கட்டி முடிச்ச கம்பிய அவுத்து, ஃபார்ம்வொர்க்க திரும்ப அடிச்சு, 9 நாள் போயிருக்குன்னு சைட் டைரிய வெச்சு ராத்திரியோட எழுதி, மறுநாள் கையிலயே கொண்டுபோய் குடுத்து ரிசீவ்ட் சாப்பு வாங்குனேன்.

பட்டர்வொர்த் மணி:
இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன், வாட்ஸ்அப் குரூப்ல டிலேன்னு போட்டிருந்தா அதுவே நோட்டீஸ்தானே. எல்லா ஜாப்லயும் 28 நாள்தான், அது சரி.

பழைய_ஆர்.இ.:
மணி, பாதிதான் சரி. கவர்மெண்ட் ஜாப்புக்கு வர்ற ஜே.கே.ஆர். ஃபார்ம்ல இதுக்கு 28 நாள் கணக்கே கிடையாது, டிலே தெரிஞ்ச உடனே எழுதணும். வாட்ஸ்அப்ப நம்பி உக்காராதீங்க, "லேட் ஆகுது"ன்னா அது புலம்பல், எந்த இன்ஸ்ட்ரக்ஷனால எத்தனை நாள் கேக்குறோம்னு சொன்னாத்தான் நோட்டீஸ். செராஸ் தம்பி, உங்க வேலை இன்னும் முடியல. காரணம் ஓய்ஞ்ச நாள்ல இருந்து இன்னொரு 28 நாள் ஓடும், அதுக்குள்ள முழு கிளைம் போகணும். கம்பி திரும்பக் கட்டி முடிச்ச தேதிய டைரில பாத்து வெச்சுக்குங்க. நான் நோட்டு எழுதுனா "பென்டிங்"னு எழுதவே மாட்டேன், யார் கையில இருக்கு, கடைசி லெட்டர் எது, எந்த தேதி தாண்டுனா போச்சுன்னு எழுதிடுவேன்.

பாயான்_லெப்பாஸ்_கவி:
எங்க ஃபேக்டரில போனவரு கான்டாக்ட் லிஸ்ட் அழகா டைப் பண்ணி வெச்சாரு, லிஃப்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு போட்டிருந்த நம்பர் அவரோட சொந்த நம்பர் லா. அடிச்சா "நான் இப்ப ஜொகூர்ல"ங்கறாரு 😅

செராஸ்_சைட்டு:
அண்ணே, டைரில மார்ச் 19ன்னு இருக்கு, ஆனா ஃபோர்மேன் 21ங்கறாரு. நான் 19அ வெச்சே எண்ணிக்கிறேன். ஆர்க்கிடெக்ட் கிட்ட இருந்து இன்னும் பதில் வரல.