டேப்பை ஒரு படி மாற்றலாமா? கிருஷ்ணகிரி வளாகத்துக்கு யோசனை தேவை

வணக்கம். 250 கேவிஏ, 11 கேவி/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஆஃப் சர்க்யூட் டேப், இப்போது நார்மலில் நிற்கிறது. மாலையில் ஹெச்டி 10.1 கேவிக்கு இறங்குகிறது, அப்போது லோடு 200 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.8.

லோடு ஃப்ளோ கணக்குப்படி லோடு இல்லாமலே 398 வோல்ட்தான். டிரான்ஸ்ஃபார்மருக்குள் 12, மொட்டை மாடி வரை போகும் 110 மீட்டர் அலுமினிய ரைசரில் 11 வோல்ட் போய், மேலே 375தான் மிஞ்சுகிறது. அங்கே இருக்கும் மோட்டார் சூடாவதில் ஆச்சரியமில்லை.

டேப்பை 10.725 கேவிக்கு மாற்றினால் மாலையில் 10 வோல்ட் ஏறும். சிக்கல் நள்ளிரவில். ஹெச்டி 10.9 ஆகும்போது, லோடே இல்லாமல் 440 வோல்ட், அதாவது ஃபேஸுக்கு 254. 230-க்கு 10% கூட்டினால் வரும் 253-ஐ அது தாண்டிவிடுகிறது. பல்பும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான் முதலில் போகும்.

கெப்பாசிட்டர் போட்டு பவர் ஃபேக்டரை 0.97 ஆக்கினால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்டேஜ் இழப்பு கிட்டத்தட்ட பாதியாகிறது. ஆனால் மெயின் பேனலில் போட்டால் ரைசரில் வோல்டேஜ் இழப்பு அப்படியே இருக்கும். ஃபிக்ஸட் கெப்பாசிட்டர் என்றால் இரவில் வோல்டேஜ் இன்னும் ஏறும்.

டேப்பைத் தொடாமல், மொட்டை மாடி மோட்டார் பக்கமே மோட்டாரோடு சேர்ந்து ஆன்-ஆஃப் ஆகும் கெப்பாசிட்டர், கூடவே ரைசருக்கு இணையாக இன்னொரு கேபிள் என்பது என் எண்ணம். ஹெச்டி குறைவதை இது சரிசெய்யாது என்பதுதான் உறுத்தல். ஓசூர், தர்மபுரி பக்கம் இதே நிலையில் டேப் மாற்றியவர்கள், இரவு வோல்டேஜை எப்படிச் சமாளித்தீர்கள்? மோட்டாருக்கு மட்டும் சர்வோ வைத்தால் போதுமா?