மகனை வீட்டை விட்டு வெளியேற்ற ஆர்.டி.ஓ. மனு – மருமகள் விஷயத்தில் உதவி தேவை

வணக்கம். ஒரு வயதான தம்பதிக்காகக் கேட்கிறோம். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. வீடு அப்பா சம்பாத்தியத்தில் வாங்கியது, கிரயப் பத்திரமும் பட்டாவும் அவர் பெயரில்தான். மாடியில் இருக்கும் மகன் அடிக்கிறான், தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைக்கிறான். போலீஸில் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது இருக்கிறது.

2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தீர்ப்பாயத்தில் மனு போடப் போகிறோம். முதலில் எழுதிக் கொடுத்தவர் பிரிவு 23 என்று போட்டிருந்தார். அது தவறு. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்திருந்தால்தான் அந்தப் பிரிவு. இங்கே எதுவும் எழுதித் தரவில்லை. இன்னொன்று, கோரிக்கையில் ஜீவனாம்சம் மட்டும் கேட்டிருந்தார். அப்படிக் கேட்டால் மாதப் பணத்துக்கு மட்டும் உத்தரவு வந்து, மகன் மாடியிலேயே இருப்பான். உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு வேண்டி வெளியேற்ற வேண்டும் என்று தனியாக எழுதி, ஒவ்வொரு சம்பவத்தையும் தேதியோடு சேர்த்திருக்கிறோம். அடிபட்ட கைக்குக் கட்டுப் போட்ட மருத்துவச் சீட்டும் இருக்கிறது.

சிக்கல் மருமகள்தான். குடும்ப வன்முறைச் சட்டப்படி தனக்கு இங்கே வசிக்க உரிமை உண்டு என்கிறார். 2020இல் வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம், தேவைப்பட்டால் தீர்ப்பாயம் வெளியேற்றலாம், ஆனால் மருமகளின் உரிமையையும் பார்க்க வேண்டும் என்றது. மருமகளுக்கு மகன் வேறு வீடு பிடித்து வாடகை தர வேண்டும் என்ற கோரிக்கையை இதே மனுவில் சேர்த்து உத்தரவு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? வாசகத்தை எப்படி எழுதினீர்கள்? மருமகளையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தீர்களா?